ஆழ்கடல் படகுத் திட்டத்தின் ஸ்லைடுகளிலிருந்து ஒட்டியும் வெட்டியும் வாதக் குறிப்பு: கேள்வி பதில்

கல்லூரி மாணவி, ராமேஸ்வரம்: பாக் விரிகுடா இழுவலைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் தூண்டில் படகுகள் தரும் திட்டத்தைப் பற்றிய ஸ்லைடுத் தொகுப்பு கையில் உள்ளது. குறிப்பை எங்கே தொடங்குவது?

வாதத் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். “ஆழ்கடல் மீன்பிடிப்பு வளர வேண்டும்” என்று எழுதினால் எதிர்த்துப் பேச ஆள் கிடைக்காது. “பாக் விரிகுடாவின் இழுவலைப் படகுகளை மானியம் கொடுத்துச் சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகுகளாக மாற்ற வேண்டும்” என்று எழுதினால்தான் இரு தரப்புக்கும் பிடி கிடைக்கும்.

அடுத்து, ஸ்லைடில் உள்ள துண்டுச் சொற்களை, யார், என்ன, யாருக்கு என்பது விளங்கும் முழு வாக்கியங்களாக எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் ஸ்லைடு எண்ணைப் போடுங்கள். “70% மானியம், சுமை குறைவு” என்ற வரியை எடுத்துக்கொள்வோம். 2017-இல் திட்டம் வந்தபோது ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். அதில் மத்திய அரசு 50 சதவீதமும் மாநில அரசு 20 சதவீதமும் தர, 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் உரிமையாளர் பங்கு. ரூபாயாக்கினால் 56 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பது ஒட்டிப் பேசுபவரின் வாதம். கையிலிருந்து 8 லட்சமும் கடனாக 16 லட்சமும் போக, வாரக்கணக்கில் கடலில் தங்குவதற்கான டீசல், ஐஸ் செலவும் உரிமையாளர் தலையில்தான் விழும் என்பது வெட்டிப் பேசுபவரின் வாதம். கணக்கு ஒன்றே என்பதால், அதை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தகவலாக நடுவில் ஒரு முறை எழுதி, இரண்டு வாதங்களையும் அதன் கீழே வையுங்கள்.

விசைப்படகு உரிமையாளர், பாம்பன்: அப்படியானால் இந்தப் படகை வாங்கலாம் என்கிறீர்களா?

அதை இந்தக் குறிப்பு முடிவு செய்யாது, அண்ணாச்சி. மேலே சொன்னது 2017-இன் கணக்கு. இன்றைய தொகையை மீன்வளத் துறை அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். ஆனாலும் உங்கள் கேள்வி ஓர் ஓட்டையைக் காட்டுகிறது. ஓரிரவில் கரை திரும்பிப் பழகியவர்கள் சூரைக்காக நெடுநாள் தங்க வேண்டும். அதற்கு ஸ்லைடு சொல்வது “பயிற்சி அளிக்கப்படும்” என்பது மட்டுமே. எத்தனை நாள், யாருக்கு, படகு வருமுன்பா பின்பா என்று எழுதப்படாத இடத்தில் வெட்டிப் பேசுபவர் நிற்கலாம்.

பள்ளி ஆசிரியர், மண்டபம்: கடைசி ஸ்லைடில் “இடர்கள்” என்று அவர்களே கொடுத்திருக்கிறார்கள். அதை எடுத்து வெட்டித் தரப்பாக வைத்தால் போதுமே?

பாதி சரி, ஐயா. திட்டம் எழுதியவரே ஒப்புக்கொண்டதை எதிரணி மறுக்க முடியாது என்பதால் அவற்றை எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த ஸ்லைடில் பெரும்பாலும் தீர்வு கைவசம் உள்ள இடர்களே இடம்பெறும். கனமான எதிர்வாதம் முன் ஸ்லைடுகளில், சொல்லாமல் விட்ட நிபந்தனைகளில் இருக்கும்.

“விரிகுடாவில் அழுத்தம் குறையும்” என்பது அப்படிப்பட்ட வரி. விரிகுடா ஆழம் குறைந்தது, இழுவலை அடித்தரையைச் சுரண்டுகிறது, இலங்கை 2017-இல் அடி இழுவலையைச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. ஆகவே ஒட்டிப் பேசுபவருக்கு வலுவான நிலம் இருக்கிறது. ஆனால் ஒப்படைத்த பழைய படகு இன்னொருவர் கையில் அதே கடலுக்குத் திரும்பினால் அழுத்தம் குறையாது. அந்தப் படகை என்ன செய்வார்கள் என்பதைத் தொகுப்பு சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் அது வெட்டித் தரப்பின் வலுவான வாதங்களில் ஒன்று.

இன்னொன்று, “ஏற்றுமதி பெருகும்”, “வருமானம் உயரும்” என்ற இரண்டும் தனித்தனி நன்மைகளாகத் தோன்றும். ஒன்றை அடித்துவிட்டுப் பாருங்கள்; மற்றதும் சேர்ந்து விழுந்தால் இரண்டும் ஒரே சூரை மீனின் விலைதான், ஒரு வாதமாகவே எண்ண வேண்டும்.

கருவாடு போடும் பெண், தங்கச்சிமடம்: படிச்சுக் காட்டுனாங்க. எங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே? விசைப்படகுல வர்ற காரல் மீன வாங்கித்தான் நாங்க காயப்போடுறோம்.

நீங்கள் சொல்வது எந்த ஸ்லைடிலும் இல்லை, அக்கா. ஆனால் குறிப்பில் இருந்தே ஆக வேண்டும். “தொகுப்பில் இல்லை, நாங்கள் சேர்த்தது” என்ற அடையாளத்தோடு அதைத் தனியாக எழுத வேண்டும். “பெண்கள் தொழிலை இழப்பார்கள்” என்று ஆதாரமின்றி உறுதியாகச் சொல்வதைவிட, “ஏற்றுமதிக்குப் போகும் சூரை இறங்கும் துறையில் சிறுமீன் வாங்கிப் பிழைப்பவர்களுக்குச் சரக்கு எங்கிருந்து வரும்?” என்று கேட்பது பலமானது. இழுவலை குறைந்தால் நாட்டுப்படகுகளில் சிறுமீன் கூடும் என்று ஒட்டிப் பேசுபவர் பதில் சொல்லக்கூடும். அதையும் எதிரில் எழுதிவிட வேண்டும். வெட்டித் தரப்பில் நான் உங்கள் கேள்வியைத்தான் முதலில் வைப்பேன்.

அதே மாணவி: அப்படி வைத்தால் குறிப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடாதா?

ஒரு தரப்பு தன் வலுவான வாதத்தை முன்னால் வைப்பது சாய்வாகாது. ஒரு பக்கம் ஸ்லைடு எண்ணும் தொகையும் இருக்க, மறுபக்கம் “பெரும்”, “கடும்” போன்ற அடைமொழிகள் மட்டும் இருந்தால் அதுதான் சாய்வு.

மண்டபம் ஆசிரியர்: இரு பக்கமும் வரிக்கு வரி சமமாக இருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் மாணவர்களுக்குச் சொல்கிறோம்.

போட்டிக்கு அது வசதியான விதிதான். ஆனால் வரியை நிரப்புவதற்காக நொண்டி வாதம் ஒன்றைச் சேர்த்தால் எதிரணி முதலில் அதைத்தான் பிடிக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுவர் உங்கள் விதியைக் கேட்டால், நல்ல வாதத்துக்கே இன்னொரு சான்றைச் சேர்த்து வரியைச் சமமாக்குங்கள்.