சத்தம் ஃபானில்தானா?

கேள்வி: பாவித்த பிளேஸ்டேஷன் 5 ஒன்று வாங்கி மூன்று மாதம். கேம் ஓடும்போது உள்ளே "கீ..." என்று ஒரு சத்தம். கிளிநொச்சியில் திருத்தும் கடையில் காட்டினேன். ஃபான் போய்விட்டது, மாற்ற 18,000 ரூபா என்கிறார்கள். மாற்றவா?
— மாங்குளம் வாசகர்

பதில்: காசைக் கொடுக்குமுன் இன்று இரவு வீட்டு மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, கேமை ஓடவிட்டுக் காதைப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் கன்ட்ரோலரின் PS பட்டனை அழுத்திப் பிடித்து ஹோம் திரைக்கு வாருங்கள். அந்தக் கணமே சத்தம் அறுந்தால், அல்லது சுருதி மாறினால், அது ஃபான் இல்லை. உள்ளே இருக்கும் ஃபான் 12 சென்டிமீட்டர் அகலமான, கனமான சக்கரம். கண் இமைக்கும் நேரத்தில் அதனால் வேகம் மாற்ற முடியாது. உங்களுக்குக் கேட்பது கொயில் சத்தம். சிப்புக்குப் போகும் மின்சாரம் கூடிக் குறையும்போது, போர்டிலும் பவர் சப்ளையிலும் உள்ள செம்புக் கம்பிச் சுருள்கள் நுண்ணிதாக அதிரும். அதுதான் காட்சி மாற மாறப் பாட்டும் மாறுகிறது.

ஃபான் கெட்டால் கதை வேறு. சத்தம் "கர கர" என்றோ, ஏதோ தட்டுப்படுவது போல் "டிக் டிக்" என்றோ வரும். கேம் போடாவிட்டாலும் கேட்கும். நிற்க வைத்ததைப் படுக்க வைத்தால் மாறும். மெஷினை முழுதாக நிறுத்தும்போதும் கவனியுங்கள்: கொயில் சத்தம் அப்படியே நின்றுவிடும், ஃபான் சத்தமோ சுற்று ஓய ஓய இழுபட்டு அடங்கும்.

கொயில் சத்தம் என்றால் விடுங்கள். அது எரிச்சல்தான், பழுது இல்லை. புது ஃபான் போட்டாலும் போகாது. கரண்ட் போகும் நேரம் மலிவான இன்வேட்டரில் ஓட்டினால் கூடுதலாக இரையலாம், அதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சத்தம் ஃபானில்தான் என்று தெரிந்தாலும் முதலில் தூசி. நம் கிரவல் றோட்டுச் செம்மண் எதற்குள்ளும் போகும். வயரைக் கழற்றுங்கள். பக்கத்து மூடி ஸ்குரூடிரைவர் இல்லாமலே வரும். ஃபானைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை உறிஞ்சி எடுங்கள். இதழில் வயரோ ஸ்டிக்கரோ முட்டுகிறதா என்றும் பாருங்கள். "டிக் டிக்"குக்குப் பல நேரம் அதுதான் காரணம்.

அதற்குப் பிறகும் கரகரத்தால், அல்லது திரையில் "Your PS5 is too hot" என்று வந்தால், உடனே நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும்: ஃபானை மாற்ற, சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகமான ஹீட்சிங்கைக் கழற்றத் தேவையே இல்லை. அதன் அடியில் சிப்பின்மேல் திரவ உலோகம் இருக்கிறது. சிந்தினால் போர்டே போகும். கழற்றுவேன் என்று கடைக்காரர் சொன்னால் மெஷினை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.