இளையராஜாவை முழுசாகக் கேட்பது எப்படி? – கேள்வி பதில்

ஆயிரம் படத்துக்கு மேல் இருக்கிறதே, ‘அன்னக்கிளி’யிலிருந்து வரிசையாகப் போகட்டுமா?

வேண்டாம். அப்படிக் கிளம்பியவர்கள் எண்பதுகளின் நடுவில் மூச்சுத் திணறி நின்றுவிடுவார்கள். ஒரே ஒரு வருடத்தைப் பிடியுங்கள். என் தேர்வு 1978. ‘முள்ளும் மலரும்’, ‘அவள் அப்படித்தான்’, ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘பிரியா’ நான்கும் அந்த வருடம்தான். வாரத்துக்கு ஒரு படம் போதும். நான்கும் நான்கு விதமான கதை, இயக்குநரும் வேறு வேறு. ஒரே ஆள் ஒரே சமயத்தில் எத்தனை விதமாக யோசித்தார் என்று அப்போதுதான் பிடிபடும். பிறகு 1976க்குத் திரும்பிப் போய், அங்கிருந்து 1980க்குத் தாவுங்கள்.

1980இல் ‘ஜானி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாட்டு, ஐந்து குரல்: ஜென்சி, ஜானகி, சுஜாதா, எஸ்.பி.பி., எஸ்.பி. ஷைலஜா. தொகுப்புகளில் பெரும்பாலும் ஜானகியின் ‘காற்றில் எந்தன் கீதம்’ மட்டும் தனியாக வரும். ஷைலஜாவின் ‘ஆசைய காத்துல’ பக்கத்தில் இருந்தால்தான் ஜானகியின் பாட்டு எவ்வளவு அடங்கி ஒலிக்கிறது என்று தெரியும்.

டாப் 20 லிஸ்ட் கொடுங்களேன்?

அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பேச்சே.

ஆப்பில் ‘ஜானி’ 2010களில் வந்ததாகக் காட்டுகிறதே?

ஆப் காட்டும் வருடத்தை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் பதிவேற்றிய அல்லது மறுபடி வெளியிட்ட வருடம். படம் வந்த வருடத்தைப் பாருங்கள். மொழிமாற்றுப் படங்களிலும் இதே குழப்பம்தான். ‘சலங்கை ஒலி’யும் தெலுங்கு ‘சாகர சங்கமம்’மும் ஒரே படம், 1983. இரண்டாகக் கணக்குப் போடாதீர்கள்.

‘ஹவ் டு நேம் இட்’தானே அவருடைய உண்மையான இசை? அதில் தொடங்கினால் என்ன?

பாதி சரி. 1986இல் வந்த கருவியிசை ஆல்பம் அது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கை. ஆனால் ‘உண்மையான’ என்பதுதான் தப்பு. பத்து வருடப் படங்களில் வயலின் கூட்டத்தை வைத்து அவர் செய்து பார்த்தது அங்கே திரண்டு நிற்கிறது. படங்களைக் கேட்டுவிட்டு வந்தால் அது தெரியும்.

அப்படியென்றால் பாட்டு ஆல்பமே முழுசில்லை. பின்னணி இசை எங்கே?

நியாயம், இது பெரிய சண்டை. ஆல்பத்தில் பெரும்பாலும் பாட்டு மட்டும்தான். ‘உதிரிப்பூக்கள்’, ‘மௌன ராகம்’ எல்லாம் படமாகப் பார்த்தால்தான் கணக்கு. என் நண்பர் ஒருவர் படத்தை முதலில் பார்க்கச் சொல்வார். நான் பாட்டை முதலில் கேட்கச் சொல்வேன். காட்சி ஒருமுறை ஒட்டிக்கொண்டால் காது சோம்பேறியாகிவிடும். இருபது வருடமாக இருவரும் இறங்கி வரவில்லை.

என் அப்பாவிடம் கேசட் பெட்டி இருக்கிறது, விலை போகுமா?

விலை தெரியாது. உள்அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள், பாடகர் பெயர் அதில்தான் இருக்கும்.

டாப் 10 ஆவது…?

மேலே பாருங்கள் சார்.