லாரி வளைவில் கவிழ்ந்தால் ஓட்டுநர் என்ன வாக்குமூலம் கொடுக்க வேண்டும்?

கேள்வி: என் தம்பி லாரி ஓட்டுகிறான். நேற்று அதிகாலை ஹைவே வளைவில் வண்டி கவிழ்ந்து மூட்டைகள் எல்லாம் ரோட்டில் சிதறிவிட்டன. யாருக்கும் பெரிய அடி இல்லை. "பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடு" என்கிறார் முதலாளி. போலீஸிலும் இன்ஷூரன்ஸிலும் என்ன சொல்ல வேண்டும்?

பதில்:

முதலாளி சொன்னதை உங்கள் தம்பி இன்னும் சொல்லியிருக்காவிட்டால், சொல்ல வேண்டாம். 2019-இல் இதே நிலையில் நான் அதைச் சொன்னேன். அதன் விலையைக் கொடுத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் ஒரு பத்துச் சக்கர லாரியில், தாவணகெரேயிலிருந்து நாமக்கல்லில் உள்ள ஒரு கோழித்தீவன ஆலைக்கு மக்காச்சோளம் ஏற்றி வந்துகொண்டிருந்தேன். அறுபது கிலோ மூட்டைகள் 300, மொத்தம் 18 டன். தருமபுரியைத் தாண்டி, பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்து தொப்பூர் கணவாயில் இறங்கும்போது அதிகாலை நாலரை மணி இருக்கும். வலப்புறம் திரும்பும் ஒரு வளைவில் வண்டி கிளீனர் பக்கமாக, அதாவது இடப்புறமாக, சாய்ந்து விழுந்தது. கேபின் கண்ணாடி வழியாக வெளியே வந்த எனக்குத் தோள்பட்டையில் சிராய்ப்பு மட்டுமே. ஆனால் தார்ப்பாய் கிழிந்து, பாதிக்கு மேற்பட்ட மூட்டைகள் சாலையோரத்தில் கிடந்தன.

முதலாளிக்குப் போன் செய்தபோது உங்கள் தம்பிக்குக் கிடைத்த அதே அறிவுரைதான் எனக்கும் கிடைத்தது. "நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தேன், ஒரு கார் குறுக்கே வந்தது, பிரேக்கை மிதித்தேன், பெடல் அப்படியே இறங்கிவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை" என்று காவல் நிலையத்தில் சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பிழைகள் இருந்தன என்பது பின்னால்தான் தெரிந்தது.

பெடல் இறங்கிவிட்டது என்பது எண்ணெய் பிரேக் உள்ள சிறு வண்டிகளில் நடப்பது. கனரக லாரியில் இருப்பது காற்று பிரேக். அதில் பெடல் ஒரு வால்வை மட்டுமே திறக்கிறது, எனவே பிரேக் பிடிக்காவிட்டாலும் பெடல் வழக்கம்போல்தான் இருக்கும். காற்று கசிந்து அழுத்தம் குறைந்தால் கேபினில் பஸ்ஸர் அலறும். மேலும் குறைந்தால் பின் சக்கரங்களில் உள்ள ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆகவே "காற்று போனது, வண்டி நிற்காமல் ஓடியது" என்ற கதையை, பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் எளிதில் நம்பமாட்டார். நீண்ட இறக்கத்தில் உண்மையில் நடப்பது வேறு. டாப் கியரில் விட்டு, பிரேக்கை மட்டுமே நம்பித் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிரம் சூடேறி, அதை அழுத்திப் பிடிக்கும் லைனருக்குப் பிடிமானம் குறைந்துபோகிறது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குபவர்களுக்கு இது இன்னும் விரைவில் நடக்கும். முதலில் கருகிய வாடை வரும், பிறகு சக்கரத்தருகில் புகை தெரியும், அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி வேகம் குறையாது. டிரம் ஆறியதும் பிரேக் மறுபடி பிடிக்கத் தொடங்கிவிடும். கிரேன் வந்து என் வண்டியை நிமிர்த்திய பிறகு சோதித்தபோது பிரேக் ஒழுங்காகப் பிடித்தது. லைனர் மட்டும் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகியிருந்தது. அது பிரேக் கெட்டுப்போனதற்கான அடையாளம் அல்ல, நான் பிரேக்கைப் பயன்படுத்திய விதத்துக்கான அடையாளம்.

இரண்டாவது பிழை அந்தக் கார். கார் குறுக்கே வந்து திடீரென்று பிரேக் போட்டிருந்தால் சாலையில் நேரான டயர்த் தடம் இருந்திருக்கும். அங்கே இருந்தது வளைந்து சென்ற கறுப்புத் தடம், அதுவும் கிளீனர் பக்கச் சக்கரங்களுடையது மட்டும். டிரைவர் பக்கச் சக்கரங்கள் தரையை அழுத்தாமல் தூக்கிக்கொண்டு போயிருந்தன. வேகம் தாங்காமல் வெளிப்புறமாகச் சாயும் லாரி இப்படித்தான் தடம் விடும்.

மூன்றாவது, முதலாளியே பொருத்தியிருந்த ஜி.பி.எஸ். வளைவில் நுழையும்போது 66 கிலோமீட்டர் வேகம் என்று அதில் பதிவாகியிருந்தது. நான் சொன்னதோ 40. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி எத்தகையது என்று பலர் உணர்வதில்லை. வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு என்று வைத்துக்கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த விசை வண்டியின் எடையில் எட்டில் ஒரு பங்கு. 66 கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கார் என்றால் இன்னும் தாங்கும். உயரமாக மூட்டை அடுக்கிய லாரிக்கு, ஸ்பிரிங் சாய்வதையும் மூட்டை நகர்வதையும் சேர்த்துப் பார்த்தால், அதுவே கவிழும் எல்லைக்கு மிக அருகில். முதலில் தூக்குவது பின்சக்கரம் என்பதால், ஸ்டியரிங்கில் இருப்பவனுக்கு உறைக்கும்போது காலம் கடந்திருக்கும்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், வாக்குமூலம் தனியாக நிற்பதில்லை என்பதே. பாஸ்டேக் நேரம், ஜி.பி.எஸ்., சாலைத் தடம், பிரேக் சோதனை, எடைச்சீட்டு ஆகிய ஐந்தும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும். இதில் முதலாளி யோசிக்காத ஒன்றும் உண்டு. வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. "பிரேக் பிடிக்கவில்லை" என்று ஓட்டுநர் எழுதிக் கொடுத்தால், பராமரிக்கவில்லை என்ற வாதத்தை முதலாளியே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் கையில் எடுத்துக் கொடுப்பதாகிறது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான்.

உங்கள் தம்பி இரண்டு வகை வாக்குமூலங்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். காவல்துறை விசாரணையின்போது எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். போலீஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் அவருக்கு எதிரான சாட்சியமாகவும் ஆகாது. ஆனால் அவரே புகார் மனு எழுதிக் கொடுத்தால் அதில் கையெழுத்து இருக்கும். உயிர்ச்சேதம் இல்லாத இத்தகைய விபத்தில், பொதுவாக அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியதாகத்தான் வழக்குப் பதிவாகும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 279-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281-ஆவது பிரிவு; ஜாமீன் கிடைக்கக்கூடியது. என் வழக்கு அபராதத்தோடு முடிந்தது.

எல்லாரும் காவல் நிலையத்துக்குத்தான் பயப்படுகிறோம். உண்மையில் கவனமாக இருக்க வேண்டியது, சில நாள் கழித்து டீக்கடையில் உட்காரவைத்து இனிமையாகப் பேசி, "சும்மா ஒரு கையெழுத்து" என்று தாளை நீட்டும் இன்ஷூரன்ஸ் விசாரணையாளரிடம். அவருக்குக் கையெழுத்து வாங்கத் தடை எதுவும் இல்லை. அந்தத் தாள் நேராகக் கோப்பில் சேரும். நான் அவரிடம் மனம் மாறி உண்மையைச் சொன்னேன். நல்ல காரியம்தான், ஆனால் போலீஸில் சொன்னதற்கு அது நேர்மாறாக இருந்தது. இரண்டு வாக்குமூலங்களும் ஏன் மாறுபடுகின்றன என்று கேட்டுக் கேட்டே எட்டு மாதம் இழுத்தார்கள். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால், வேகமாக ஓட்டியது என்ற ஒரே காரணத்துக்காகப் பாலிசி கைவிட்டிருக்காது; விபத்துக் காப்பீடு ஓட்டுநரின் தவறுக்கும் சேர்த்துத்தான்.

சரக்கைப் பற்றி நான் வாக்குமூலத்தில் "சில மூட்டைகள் சேதம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். மாற்று லாரி மதியம்தான் வந்தது. அதற்குள் யார் யாரோ வந்து எடுத்துப் போனார்கள். ஆலையின் எடைமேடையில் 15,420 கிலோதான் நின்றது. 2,580 கிலோ, அதாவது 43 மூட்டை குறைவு. எத்தனை கிழிந்து கொட்டியது, எத்தனை களவு போனது என்று பிரித்துக் காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. குறைவு முழுவதையும் என் சம்பளத்தில் பிடிக்கப் பார்த்தார்கள். சரக்குக்குப் பொறுப்பு, அதை ஏற்று எல்.ஆர். ரசீது கொடுத்த டிரான்ஸ்போர்ட் நிறுவனத்துடையது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எனவே "சரக்கு நஷ்டத்துக்கு நானே பொறுப்பு" என்று எழுதிய எந்தத் தாளிலும் உங்கள் தம்பி கையெழுத்துப் போட வேண்டாம்.

இன்று அதே விபத்து நடந்தால், முதலில் போட்டோ எடுத்துவிட்டு, என் வாக்குமூலத்தை இப்படித்தான் எழுதுவேன்:

"நான் மேற்படி லாரியில் 300 மூட்டை மக்காச்சோளம், எடைச்சீட்டின்படி 18,000 கிலோ, தாவணகெரேயில் ஏற்றி, கயிறும் தார்ப்பாயும் கட்டிக்கொண்டு நாமக்கல் நோக்கி வந்தேன். கடைசியாகக் கிருஷ்ணகிரிக்கு அருகில் அரை மணி நேரம் நிறுத்தினேன். பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்தபின் இறக்கத்தில் டாப் கியரில் வந்தேன்; பலமுறை பிரேக்கை மிதித்தேன்; லைனர் கருகும் வாடை வந்தது. பஸ்ஸர் ஒலிக்கவில்லை. வலப்புற வளைவில் திருப்பும்போது பிரேக் போதுமான அளவு பிடிக்கவில்லை. வண்டி இடப்பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. அப்போதைய வேகத்தை நான் மீட்டரில் பார்க்கவில்லை. வேறு வாகனம் எதுவும் மோதவில்லை. சாலையில் சிதறிய மூட்டைகளைப் போட்டோ எடுத்துள்ளேன். மாற்று லாரியில் இத்தனை மூட்டை ஏற்றப்பட்டது; இத்தனை கிழிந்திருந்தன; மீதியைக் காணவில்லை."

"பிரேக் பிடிக்கவில்லை" என்பது இதிலும் வருகிறது. ஆனால் எப்போது, எந்த அடையாளத்தோடு என்பது முன்னாலேயே இருப்பதால் லைனரைப் பார்ப்பவருக்கு அது பொருந்தும். "அதிவேகமாக ஓட்டினேன்" என்றோ "என் தவறு இல்லை" என்றோ எழுதத் தேவையில்லை. அந்த முடிவுக்கு வருவது மற்றவர்கள் வேலை. வேகம் நிச்சயமாகத் தெரியாவிட்டால் ஊகித்து ஓர் எண்ணைச் சொல்லவும் வேண்டாம்.

நேற்றுதான் நடந்தது என்கிறீர்கள். சிதறிய சரக்கு இன்னும் அங்கேயே கிடந்தால், வேறு எதற்கும் முன்னால் யாரையாவது அனுப்பி மூட்டைகளை எண்ணி, வண்டி கிடக்கும் நிலையையும் டயர்த் தடத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸுக்கு எழுத்து மூலம் தகவல் போய்விட்டதா என்று முதலாளியிடம் கேளுங்கள். கிரேனை வைத்து வண்டியை அகற்றும் முன் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்த்துவிடுவது நல்லது, போக்குவரத்துக்காகப் போலீஸார் உடனே நகர்த்தச் சொன்னால் அந்தப் படங்களே போதும்.