டிரெட்மில் 315, கடிகாரம் 221, செயலி 200

கேள்வி: ஒரே நடைப்பயிற்சிக்கு என் கடிகாரம், ஜிம் டிரெட்மில், உணவுப் பதிவுச் செயலி மூன்றும் மூன்று விதமான கலோரி எண்களைக் காட்டுகின்றன. ஏன் இப்படி, எதை நம்புவது?

இவற்றில் எதுவும் கலோரியை அளப்பதில்லை. உண்மையில் அளக்க வேண்டுமானால், முகமூடி அணிந்து நடந்து, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் கருவியில் பதிவு செய்ய வேண்டும். மூன்றும் தத்தம் கையில் இருக்கும் தகவலைக் கொண்டு அந்த அளவை ஊகிக்கின்றன. தகவல் வேறு என்பதால் ஊகமும் வேறாகிறது.

என் எடை 60 கிலோ. ஒருநாள் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில், 5 சதவீத ஏற்றத்தில், கைப்பிடியைத் தொடாமல் 40 நிமிடம் நடந்தேன். தலைப்பில் உள்ளவை அன்று கிடைத்த எண்கள்தாம். அன்று மாலையே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

டிரெட்மில்லுக்குப் பட்டையின் வேகமும் ஏற்றமும் துல்லியமாகத் தெரியும். அதன்மேல் நடப்பவரைப் பற்றி எதுவும் தெரியாது. நடைக்குப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் இது:

```
VO2 = 0.1 × S + 1.8 × S × G + 3.5
```

S என்பது நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்ற வேகம், G என்பது ஏற்றம். என் நடைக்கு S 100, G 0.05. விடை 22.5, அதாவது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 22.5 மில்லி லிட்டர் ஆக்சிஜன். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 5 கலோரி என்று வைத்தால், 60 கிலோவுக்கு 40 நிமிடத்தில் 270 கலோரி வருகிறது. ஆனால் நான் எடையைப் பதிவு செய்யாமல் நேரடியாகத் தொடக்கப் பொத்தானை அழுத்தியிருந்தேன். 70 கிலோ என்று போட்டுப் பார்த்தால் சரியாக 315 வருகிறது. இயந்திரம் என்னை 70 கிலோ ஆளாக எண்ணிக்கொண்டது என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்தச் சூத்திரத்தின் கடைசியில் நிற்கும் 3.5 மிக முக்கியமானது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடல் செலவிடும் ஆக்சிஜன் அது. என் கணக்கில் 40 நிமிடத்துக்கு 42 கலோரி. டிரெட்மில் அதையும் சேர்த்தே காட்டுகிறது. என் கடிகாரம் 'ஆக்டிவ்' என்று காட்டும் எண்ணில் அது கிடையாது. 270-இல் 42 போனால் 228. கடிகாரம் காட்டியதோ 221. பெரிய முரண்பாடாகத் தெரிந்தது, எடையையும் ஓய்வுநேரச் செலவையும் கழித்ததும் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

இதனால் கடிகாரம் துல்லியமானது என்று நான் சொல்லவில்லை. அது மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சி நாடித்துடிப்பை எண்ணி, வயது, பாலினம், எடை ஆகியவற்றோடு சேர்த்து ஆக்சிஜன் அளவை ஊகிக்கிறது. வெக்கையிலும் தூக்கம் கெட்ட நாளிலும், உழைப்பு கூடாமலே துடிப்பு கூடும். எண்ணும் கூடவே ஏறும். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சரியாகக் காட்டின. கலோரியிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்து நடப்பவர்களுக்கு இந்த இடைவெளி மிகவும் விரியும். ஏற்றத்தின் சுமையில் ஒரு பகுதியைக் கைகள் தாங்குவதால் துடிப்பு இறங்கும், கடிகாரத்தின் எண் குறையும். டிரெட்மில்லின் எண் மட்டும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் பிடித்தும், ஐந்து நிமிடம் பிடிக்காமலும் நடந்து இரண்டு திரைகளையும் பாருங்கள், தெரிந்துவிடும்.

செயலிக்கு உங்கள் வேகமும் தெரியாது, துடிப்பும் தெரியாது. அதனிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு செயலும் ஓய்வைப் போல எத்தனை மடங்கு என்பதைக் குறிக்கும் 'மெட்' என்ற எண் அதில் இருக்கும். நான் தேர்ந்தெடுத்த ஏற்ற நடை 5 மெட். அதை 60 கிலோவாலும் மூன்றில் இரண்டு மணி நேரத்தாலும் பெருக்கினால் 200. இதிலும் ஓய்வுநேரச் செலவு அடங்கியிருக்கிறது.

என் அனுபவத்தில் மெய்யான இழப்பு இந்த இடத்தில்தான் நேர்கிறது. செயலியில் சேரும்போது 'ஓரளவு சுறுசுறுப்பானவர்' என்று குறித்திருந்தால், உங்கள் நடை அன்றாட இலக்கில் ஏற்கெனவே ஓரளவு கணக்கிடப்பட்டுவிட்டது. அதன்மேல் டிரெட்மில்லின் 315-ஐப் பதிந்து அவ்வளவையும் சாப்பிட்டால், ஒரே நடைக்கு இரண்டு முறை கூலி வாங்கியதாகிறது. கடிகாரம் தானாக இணைந்து, நீங்களும் கையால் பதிந்தால் மூன்று முறை.

ஆகவே நான் செயலியில் அன்றாடச் செயல்பாட்டை மிகக் குறைந்த படிநிலையில் வைத்துவிட்டு, கடிகாரத்தின் 'ஆக்டிவ்' எண்ணை மட்டும் சேர விடுகிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, காலை எடைகளின் வாரச் சராசரியை ஒப்பிடுகிறேன். கணக்குப்படி இறங்கியிருக்க வேண்டிய எடை இறங்கவில்லையென்றால், உணவுப் பதிவை முதலில் சரிபார்த்து, அதுவும் சரியாக இருந்தால் கடிகார எண்ணில் பாதியை மட்டுமே உணவுக்குத் திருப்பித் தருகிறேன்.