பதிவு செய்த உயிலும் பதிவு செய்யாத உயிலும்

கேள்வி: அப்பா 2015-இல் அண்ணனுக்கு வீட்டை எழுதிய உயில் பதிவானது, 2021-இல் எனக்கு எழுதியது பதிவாகவில்லை. எது செல்லும்?

2021 உயிலை மெய்ப்பிக்க முடிந்தால் அதுவே செல்லும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் உயிலைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கவில்லை. எழுதியவரின் கடைசி விருப்பமே சட்டத்துக்கு முக்கியம் என்பதால், பின்னர் வெற்றுத்தாளில் முறையாக எழுதிய உயிலும் முன்னர் பதிவான உயிலை நீக்கிவிடும்.

ஆனால் அதில் இரண்டு சாட்சிகள், உங்கள் தந்தை கையொப்பமிட்டதை நேரில் கண்டோ, அது தம் கையொப்பமே என்று அவர் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் கையொப்பமிட்டிருக்க வேண்டும். வழக்கு வந்தால் அவர்களில் ஒருவரையாவது, உயிருடன் இருந்தால், நீதிமன்றத்தில் விசாரித்தாக வேண்டும். பதிவான உயிலுக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு இல்லை. ஆகவே, சாட்சிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

பதிவினால் கிடைக்கும் பயன் வேறு: எழுதியவர் சார்பதிவாளர் முன் வந்து ஒப்புக்கொண்டதற்கு அது சான்றாகும், மூலப்பத்திரம் தொலைந்தாலும் அலுவலகப் புத்தகத்தில் நகல் இருக்கும். பதிவில்லாத உயிலில், பயனடைபவரே முன்னின்று எழுத வைத்திருந்தாலோ, எழுதியவர் கடும் நோயில் இருந்திருந்தாலோ, அந்த ஐயத்தை நீங்கள்தான் போக்க வேண்டியிருக்கும். அக்காலத்து மருத்துவக் குறிப்புகள் அப்போது பெரிதும் உதவும்.