மழை விட்ட பிறகும் சிக்னல் வராதது ஏன்?

"டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மழை பெய்தால் செட்-டாப் பாக்ஸில் 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. மழை விட்டும் நெடுநேரம் படம் வருவதில்லை. டிஷ்ஷைத் திருப்ப வேண்டுமா?"

வேண்டாம், முதலில் கேபிள் முனைகளைப் பாருங்கள். கனமழை அலைகளை உறிஞ்சுவதால் போகும் படம், மழை குறைந்த சில நிமிடங்களில் தானாகத் திரும்பிவிடும்; வெயில் ஏறிய பிறகே திரும்புகிறது என்றால், பெரும்பாலும் டிஷ்ஷின் முன்னால் அலைகளை வாங்கும் கருவியான எல்என்பியின் கனெக்டருக்குள் நீர் புகுந்திருக்கிறது.

பாக்ஸ் காட்டும் சிக்னல் மீட்டரில் வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். வலிமைப் பட்டை இரைச்சலையும் சேர்த்தே அளப்பதால், அது நிறைந்திருந்தும் தரம் விழுந்தால் படம் உடையும். ஆகவே தரத்தையே நம்புங்கள்.

கேபிளில் மின்சாரம் ஏறுவதால், பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கனெக்டரைக் கழற்றுங்கள். நடுச்செம்புக் கம்பி பச்சை பூத்தோ, சுற்றுப்பின்னல் கறுத்தோ இருந்தால், பளபளப்பான செம்பு தெரியும்வரை கேபிளை வெட்டிப் புதிய கனெக்டர் போட்டு, நீர்புகா ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றுங்கள். கனெக்டருக்குக் கீழே கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

அதன் பின்பும் தெளிந்த வானத்தில் தரம் குறைவாகவே இருந்தால் மட்டும், வடகிழக்கை நோக்கும் டிஷ்ஷை மயிரிழையளவு நகர்த்தி, மீட்டர் தாமதமாகக் காட்டுமென்பதால் ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் காத்திருந்து பாருங்கள்.