பிசிஆர் சுழற்சியில் நடு வெப்பநிலையை எப்படி முடிவு செய்வது?

கேள்வி: டிஎன்ஏ துண்டைச் சுழற்சி சுழற்சியாக நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் கருவியில் 95, 55, 72 என்று மூன்று வெப்பநிலைகள் கொடுக்கிறோமே, அவை எதற்கு? எந்த மாதிரிக்கும் அதே எண்களை வைத்துக்கொள்ளலாமா?

95-ஐயும் 72-ஐயும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். 55-ஐ மட்டும் ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்க வேண்டும். யாரோ எழுதிக்கொடுத்த செய்முறைத் தாள் உங்கள் கையில் இருக்கும் என்றும், அதன்படி ஓட்டியும், துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் எதிர்பார்த்த பட்டை சரியாக வரவில்லை என்றும் ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றாலும் பின்வரும் விளக்கம் பொருந்தும்.

95 டிகிரி செல்சியஸில் நடப்பது இழைகளைப் பிரிப்பது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அந்தச் சூட்டில் விட்டுப்போகின்றன. தொடக்கத்தில் ஒருமுறை 2 அல்லது 3 நிமிடமும், பிறகு ஒவ்வொரு சுழற்சியிலும் 30 வினாடியும் கொடுப்பது வழக்கம். இன்னும் சூட்டை ஏற்றினால் நன்றாகப் பிரியுமே என்று தோன்றலாம். ஆனால் டிஎன்ஏவை நகலெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதி 95 டிகிரியில் சுமார் 40 நிமிடத்தில் பாதி வலுவை இழக்கிறது, 97.5 டிகிரியில் அதே இழப்புக்கு ஏறத்தாழ 9 நிமிடமே போதும். 30 சுழற்சிகளுக்கு 30 வினாடி வீதம் கணக்கிட்டால் மொத்தம் 15 நிமிடம் ஆகிறது. 95-இல் நொதி அதைத் தாங்கிவிடும், 97.5-இல் தாங்காது. ஜி, சி எழுத்துகள் மிகுந்த டிஎன்ஏ மட்டும் இந்தச் சூட்டிலும் பிரிய மறுக்கும். அதற்குச் சூட்டை ஏற்றுவதைவிடக் கலவையில் 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ சேர்ப்பதே நல்லது.

72 டிகிரி, நொதி வேகமாக எழுதும் சூடு. வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிலிருந்து வந்த நொதி என்பதால் அதற்கு இந்தச் சூடுதான் உகந்தது. ஆயிரம் எழுத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கே தாராளமானது. 600 எழுத்துத் துண்டுக்கு 40 வினாடி போதும்.

நடு எண்ணைத் தீர்மானிப்பது நீங்கள் வடிவமைத்த பிரைமர்கள், அதாவது நகலெடுப்பு தொடங்க வேண்டிய இடத்தில் ஒட்டும் குறுகிய டிஎன்ஏ துண்டுகள். பிரைமர் தன் இடத்தைத் தேடி ஒட்டுவது இந்தப் படியில்தான். சூடு அதிகமானால் அது ஒட்டாது. குறைந்தால் பாதி பொருந்தும் இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டாவது தவறு எவ்வளவு பெரிது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை என்பதால், இங்கே சற்று நின்று சொல்கிறேன்.

தவறான இடத்தில் ஒட்டிய பிரைமரை நொதி ஒருமுறை நீட்டிவிட்டால், அந்தப் பிரைமரின் எழுத்துவரிசை முழுவதும் புதிய இழையின் முனையாகிவிடுகிறது. அந்த இழை நகலெடுக்கப்படும்போது பிரைமருக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் ஓர் இடம் உருவாகிறது. எதிர்ப்பக்கப் பிரைமருக்கும் அருகில் ஓர் இடம் வாய்த்துவிட்டால், அதற்குப் பின் அந்தத் தவறான துண்டு உங்கள் சரியான துண்டுக்குச் சமமான உரிமையோடு சுழற்சிதோறும் இரட்டிக்கும். அது சிறியதாக இருந்தால் சரியானதைவிட விரைவாகவும் பெருகும். ஆகவே முதல் சில சுழற்சிகளில் நடந்த பிசகைப் பிந்தைய சுழற்சிகள் திருத்துவதில்லை, வளர்த்துவிடுகின்றன.

நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் கருவியின் நினைவகத்தில் ஒரே நிரல்தான் இருந்தது; நடு எண் 55. எந்தப் பிரைமர் வந்தாலும் அதைத்தான் ஓட்டுவார்கள். 600 எழுத்துத் துண்டு ஒன்றை எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஜெல்லில் 600-இல் ஒரு பட்டையும், கீழே 300-ஐ ஒட்டி அதைவிடப் பளிச்சென்ற இன்னொரு பட்டையும் தெரிந்தன. மூத்தவர் ஒருவர் சுழற்சிகளை 40 ஆக்கச் சொன்னார். ஆக்கினோம், 300 இன்னும் தடித்தது, இரண்டுக்கும் பின்னால் புகைபோல ஒரு பூச்சும் படர்ந்தது.

நான் பிரைமர்களை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஏ, டி எழுத்துக்கு 2 டிகிரி, ஜி, சி எழுத்துக்கு 4 டிகிரி என்று கூட்டுவது பழைய விதி. இரண்டுமே 20 எழுத்து நீளம். ஒன்றில் ஜி, சி 12, ஏ, டி 8. ஆகவே 48-உம் 16-உம் சேர்ந்து 64 டிகிரி. மற்றதில் ஜி, சி 11, ஏ, டி 9; அது 62 டிகிரி. குறைந்ததிலிருந்து 5 டிகிரி கழித்தால் 57-இல் தொடங்க வேண்டும். (இந்த விதி குறும் பிரைமர்களுக்கானது, உப்பின் அளவைக் கணக்கில் கொள்ளாதது என்று யாராவது திருத்த வருவார்கள். உண்மைதான், தொடங்கும் இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே இதைப் பயன்படுத்துகிறேன்.) பிறகு கருவியின் கிரேடியன்ட் வசதியில், ஒரே கலவையைப் பிரித்து ஊற்றி, 54 முதல் 64 வரை ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வெவ்வேறு நடு எண் கொடுத்தேன். ஜெல்லில் இடமிருந்து வலமாகப் பார்த்தால் கதை தெளிவாக இருந்தது. 54-ஐ ஒட்டி 300 பளிச்சென்றிருந்தது; 58 வாக்கில் மங்கியது; 60-இல் 600 மட்டும் தனித்து நின்றது; 64-இல் அதுவும் வெளிறியது. 60-ஐத் தேர்ந்தெடுத்து, சுழற்சிகளை 30-க்குக் குறைத்தேன். அதன் பிறகு அந்த 300 திரும்பி வரவில்லை.

அப்போது ஒரு நண்பர் கேட்டதையே நீங்களும் கேட்கலாம்: 62 டிகிரியில் விட்டுப்போகும் பிரைமர் 72-க்குச் சூடேறும்போது கழன்றுவிடாதா? கழலாது. நொதி 72-க்காகக் காத்திருப்பதில்லை. 55 டிகிரியிலேயே வினாடிக்கு இருபது எழுத்துக்கு மேல் எழுதும். ஆகவே 60-இல் நிற்கும் அரை நிமிடத்திலும் சூடேறும் வழியிலும் பிரைமர் பல நூறு எழுத்து நீண்டுவிடுகிறது. அவ்வளவு நீளத்தை 72 டிகிரியால் பிரிக்க முடியாது. தவறாக ஒட்டியதும் இதே வேகத்தில் நிலைபெற்றுவிடுவதால்தான் நடு எண்ணைக் கறாராக வைக்க வேண்டியிருக்கிறது. கலவை சேர்க்கும்போது அறைச்சூட்டிலேயே நொதி லேசாக எழுதத் தொடங்கிவிடும் என்பதும் இதே காரணத்தால்தான்; 95-க்குப் போகும்வரை நொதியை முடக்கிவைக்கும் ஹாட் ஸ்டார்ட் வகைகள் அதற்காகவே வந்தன.

மேற்கண்ட கதையை நினைத்தால் என்னை இன்னும் உறுத்துவது அந்த 55 அல்ல, இத்தகைய எண்களை யாரும் எழுதிவைக்காததுதான். பல ஆய்வுக் கட்டுரைகள் "வழக்கமான நிலைகளில் பிசிஆர் செய்யப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. நடு எண்ணையும் கலவையில் சேர்த்த மக்னீசியத்தின் அளவையும் எழுத இடமில்லையாம். மக்னீசியம் 1.5 மில்லிமோலாரிலிருந்து 3-க்கு ஏறினால் அதே பிரைமர் அதே சூட்டில் தவறான இடத்தில் இன்னும் உறுதியாக ஒட்டும் என்பது எழுதுபவருக்குத் தெரியாமல் இருக்காது.

உங்களிடம் கிரேடியன்ட் வசதி இல்லையென்றால் நடு எண்ணை 65-இல் தொடங்கி, சுழற்சிக்கு ஒரு டிகிரி வீதம் 55 வரை இறக்கி, அங்கே மீதிச் சுழற்சிகளை ஓட்டுங்கள். சரியான துண்டு முதலில் எண்ணிக்கையில் முந்திவிடுவதால், பின்னால் தவறான துண்டு உருவானாலும் அதனால் சரியானதை எட்டிப் பிடிக்க முடியாது. இவை எல்லாம் டாக் நொதிக்குச் சொன்னவை. பிழைதிருத்தும் நொதிகளில் பிரிக்கும் சூடு 98 ஆகவும், நீட்சி ஆயிரம் எழுத்துக்கு 15 முதல் 30 வினாடியாகவும் இருக்கும். நடு எண்ணை 5 டிகிரி கழிக்காமல் சிலவற்றில் 3 டிகிரி கூட்டவும் சொல்வார்கள். அப்போது என் 57 பயன்படாது. அந்த நொதியோடு வரும் தாளிலுள்ள கணக்கை வைத்துத் தொடங்குங்கள்.